சரியாக நூறு சொற்கள்: கதை பிறக்கிறதா, வெட்டுப்படுகிறதா?

மாட்டுங்கா வாசகி: எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்த கூட்டத்துக்குச் சரியாக நூறு சொற்களில் கதை கேட்டிருக்கிறார்கள். இந்தக் கணக்கு புதிய கற்பனையைத் தூண்டும் என்கிறார்கள்; எனக்கோ அது வெறும் கத்தரிக்கோல் வேலையாகப் படுகிறது. எது சரி?

செம்பூர்க்காரர்: கத்தரிக்கோல்தான். வெண்பாவின் தளை ஓசையைத் தருகிறது, ஓசை அடுத்த சொல்லை இழுத்து வருகிறது. நூறு என்ற எண்ணிக்கையோ யார் காதிலும் விழுவதில்லை.

முலுண்ட் எழுத்தாளர்: காதில் விழாது என்பது உண்மைதான். ஆனால் 1980களில் பிரிட்டனின் அறிவியல் புனைகதை வாசகர்கள் ‘டிராபிள்’ என்ற பெயரில் இதைப் பரப்பியபோது கேட்டது நூறுக்குள் அல்ல, சரியாக நூறு. தூண்டல் பிறப்பது அந்தச் ‘சரியாக’வில்தான். தாதர் ரயில் நிலையத்தில் ஊரிலிருந்து வந்த தாய் காத்திருக்க, மகன் தாமதமாக வரும் கதை ஒன்றை எழுதினேன். கூட்டம், புழுக்கம், தாமதத்துக்கான காரணம் என எல்லாவற்றையும் வெட்டியதும் தொண்ணூற்று நான்கில் நின்றது. மிச்சமிருந்த ஆறு இடங்களில் அடைமொழிகளைச் செருகினால் ஒட்டுப்போட்டது அப்பட்டமாகத் தெரிந்தது. கடைசியில் “பிளாட்பாரக் கடையில் அவள் இரண்டு டீ வாங்கியிருந்தாள்” என்று எழுதினேன். ஒரு டீ ஆடை படர்ந்து ஆறிக் கிடக்கும்போது மகன் மன்னிப்புக் கேட்கும் வரி தேவையற்றதாகிவிட்டது. அதை நீக்கியதால் விழுந்த பள்ளத்தைத் தாயின் பக்கமிருந்தே நிரப்ப வேண்டியிருந்தது. மகனின் கதை அப்படித்தான் தாயின் கதையானது. புதிதாகச் சேர்த்த வரியை எடுத்தாலும் மற்ற வரிகள் அசையாமல் நின்றால், அது இட்டுநிரப்பியது என்று கொள்ளலாம்.

சயான் நண்பர்: எங்கள் அலுவலகத்திலும் அறிக்கைகளுக்கு நூறு சொல்லில் சுருக்கம் கேட்கிறார்கள். இந்த முறை அதற்கும் உதவுமா?

முலுண்ட் எழுத்தாளர்: உதவாது. சுருக்கத்தில் இல்லாத டீயை வாங்க முடியாது.

செம்பூர்க்காரர்: அந்த டீ இரண்டாம் திருத்தத்தில் தானாகவே வந்திருக்கலாமே? தவிர, ‘வந்து கொண்டிருந்தான்’ என்று பிரித்தால் இரண்டு, சேர்த்தால் ஒன்று. கணினி இடைவெளியைத்தான் எண்ணுகிறது. தமிழில் நூறு என்பதே கையில் பிடிபடாத அளவு.

முலுண்ட் எழுத்தாளர்: வந்திருக்கலாம், மறுக்க வழியில்லை, ஆனால் கணக்கு இல்லையென்றால் தொண்ணூற்று நான்கோடு நான் திருப்தியடைந்திருப்பேன். துணைவினையைச் சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்பதை முதல் வரிக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். நடுவில் மாற்றினால் ஆறு சொல் பற்றாக்குறை இடைவெளித் தட்டலிலேயே தீர்ந்துவிடும், புதிதாக எதுவும் யோசிக்க வேண்டியிராது.

மாட்டுங்கா வாசகி: என் கதை நூற்று முப்பதில் நிற்கிறது. நூறுக்குக் கீழே இறக்கிவிட்டுப் பிறகு ஏற்றிப் பார்க்கிறேன். பிரித்து எழுதுவது பற்றி வட்டத்தில் யாரும் விதி சொல்லவில்லை. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.