கலைச்சொல் தேவை: வங்கி முகவரியைப் போலவே தெரியும் இன்னொரு முகவரி

செந்தில்:

வணக்கம். இணையப் பாதுகாப்புக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறோம். ஓர் இடத்தில் சொல் கிடைக்காமல் நிற்கிறேன். இந்த இரண்டு வரிகளையும் பாருங்கள்.

```
bankofamerica.com
bankofarnerica.com
```

முதலாவது வங்கியின் உண்மையான முகவரி. இரண்டாவதில் m இல்லை. r, n இரண்டும் ஒட்டி நிற்கின்றன. முகவரிப் பட்டியின் சின்ன எழுத்தில் வேறுபாடு தெரிவதே இல்லை. இந்த வகை முகவரியை என்னவென்று சொல்வது? ‘போலி முகவரி’ என்று எழுதிப் பார்த்தேன். அது எல்லா ஏமாற்றுத் தளங்களுக்கும் பொருந்திவிடுகிறது. பட்டியில் எதைக் கவனிக்க வேண்டும் என்று வாசகருக்கு எதுவும் சொல்லவில்லை. ‘எழுத்துப்போலி’ சரியாக வருமா?

மங்கை:

எழுத்துப்போலி வேண்டாம், செந்தில். இலக்கணத்தில் போலி என்பது எழுத்து மாறியும் பொருள் மாறாமல் நிற்பது. பந்தல், பந்தர் இரண்டும் ஒன்றுதானே. நீங்கள் காட்டியதிலோ எழுத்து மாறியதும் தளத்தின் உரிமையாளரே மாறிவிடுகிறார். இலக்கணம் படித்தவர் அந்தச் சொல்லைப் பார்த்தால் ‘இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் போகும்’ என்று எடுத்துக்கொள்வார். இந்த இடத்தில் அப்படி ஒரு குழப்பம் வரவே கூடாது.

ல, ள, ழ போன்றவற்றை மயங்கொலி என்கிறோம். அங்கே மயங்குவது காது. இங்கே மயங்குவது கண். அதனால் ‘மயங்குரு முகவரி’ என்று வைக்கலாமே?

ராஜா:

சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் இதைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டுமா? இப்போதெல்லாம் உலாவியே பிடித்துவிடுகிறது. வேற்று எழுத்து கலந்த முகவரி என்றால் பட்டியில் xn-- என்று தொடங்கும் கோணல்மாணலான பெயராகக் காட்டிவிடும். அதைப் பார்த்தால் வெளியேறு என்று ஒரு வரி எழுதினால் போதும்.

அன்வர்:

ராஜா சொன்னதில் பாதி சரி. xn-- வருவது a முதல் z வரையிலான சாதாரண எழுத்து, எண், இடைக்கோடு தவிர வேறு எழுத்து உள்ள பெயர்களுக்கு மட்டும். ரஷ்ய மொழியை எழுதும் சிரிலிக் எழுத்துமுறையின் а நம் a போலவே இருக்கும். வங்கிப் பெயரின் நடுவில் அதை மட்டும் நுழைத்தால் இரண்டு எழுத்துமுறைகள் கலக்கின்றன. முக்கியமான உலாவிகள் அந்தக் கலப்பைக் கண்டு xn-- வடிவத்தைக் காட்டிவிடும். பெயர் முழுவதையும் சிரிலிக்கிலேயே எழுத முடிந்தால்தான் சிக்கல். 2017-இல் apple என்ற பெயரை அப்படி முழுக்கச் சிரிலிக்கில் பதிவு செய்து ஓர் ஆய்வாளர் காட்டினார். அதன் உள்வடிவம் xn--80ak6aa92e.com. அன்றைய குரோமும் பயர்பாக்ஸும் அதை apple.com என்றே காட்டின. குரோம் 58-ஆம் பதிப்பில் அதைச் சரிசெய்தது.

செந்தில் எடுத்த பெயரில் அந்த வித்தை பலிக்காது, f போன்ற உரு சிரிலிக்கில் இல்லை. ஆனால் செந்திலின் இரண்டாவது வரியை இன்னொரு முறை பாருங்கள். அதில் வேற்று எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. r, n இரண்டும் சாதாரண லத்தீன் எழுத்துகள். xn-- வர வழியே இல்லை. பூட்டுச் சின்னமும் உதவாது. அந்தப் பெயரைப் பதிவு செய்தவர் அதற்கான சான்றிதழை முறைப்படியே வாங்கிக்கொள்ளலாம். சில உலாவிகள் ‘நீங்கள் போக நினைத்தது இந்தத் தளமா?’ என்று கேட்கும் என்பது உண்மை. எல்லாப் பெயருக்கும் கேட்கும் என்று நம்பி உட்கார முடியாது.

கையேட்டில் இதையும் எழுதுங்கள். ஐயம் வந்தால் முகவரியை நகலெடுத்து வெற்று உரைத்தாளில் ஒட்டி, பெரிய எழுத்தாக மாற்றச் சொல்லுங்கள்.

```
BANKOFAMERICA.COM
BANKOFARNERICA.COM
```

இப்போது பார்த்தவுடன் தெரிகிறது. பெரிய I-யைச் சிறிய l போலக் காட்டும் வித்தை குறுஞ்செய்தியில் பலிக்கும், பட்டியில் பலிக்காது. உலாவி டொமைன் பெயரைச் சிறிய எழுத்தாக்கிவிடுவதால் I அங்கே புள்ளி வைத்த i ஆகிவிடும். அதனால் செய்தியில் இருந்த வடிவத்தை நம்பாமல், பட்டியில் வந்து நின்ற வடிவத்தைப் படிக்க வேண்டும். l இருக்க வேண்டிய இடத்தில் 1 நின்றால் மட்டும் அது அப்படியே நிற்கும்.

மங்கை அம்மாவின் ‘உரு’ எனக்குப் பிடித்திருக்கிறது. யூனிகோட் வெளியிடும் மயக்கப் பட்டியலில் m-க்கு நேராக rn என்றே போட்டிருக்கிறார்கள். ஓர் எழுத்துக்கு இரண்டு எழுத்து. ‘ஒத்த எழுத்து’ என்று சொன்னால் இது வெளியே நின்றுவிடும்.

பத்மா:

எனக்கும் இப்படி ஒன்று வந்தது. கணக்கு முடக்கப்படும் என்ற செய்தியோடு ஓர் இணைப்பு. அதில் வங்கிப் பெயர் எழுத்து பிசகாமல் இருந்தது. ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தேன், மயங்க எதுவுமே இல்லை. பெயருக்குப் பிறகு புள்ளி வைத்து நீளமாக ஏதேதோ போனது. கைபேசியில் முழுதாகக்கூடத் தெரியவில்லை. இதுவும் மயங்குருதானா?

அன்வர்:

இல்லை பத்மா, இது வேறு வகை. உங்களுக்கு வந்தது இப்படி இருந்திருக்கும்:

```
https://bankofamerica.com.login-check.example/secure
```

https:// தாண்டியதும் வரும் முதல் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாக வாருங்கள். example, அதற்கு முன் login-check. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் தளத்தின் பெயர். அதற்கும் இடப்பக்கம் இருப்பதை அந்தப் பெயரின் சொந்தக்காரர் தன் விருப்பப்படி எழுதிக்கொள்ளலாம். co.uk போன்ற முடிவு இருந்தால் மட்டும் கடைசி மூன்று பகுதிகளைப் பார்க்க வேண்டும். நீங்கள் எழுத்தை ஒழுங்காகத்தான் படித்தீர்கள். படித்த இடம்தான் வேறு. கைபேசியில் பட்டியைத் தொட்டு, முகவரியை இருபக்கமும் நகர்த்திப் பாருங்கள்.

ராஜா:

சரி, xn-- மட்டும் போதாது, ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் விசையைத் தவறாகத் தட்டுவதை நம்பிப் பதிவு செய்யும் பெயர்களும் இதில் சேருமா? bankofamerca.com என்று i விட்டுப்போனது மாதிரி?

மங்கை:

சேர்க்காதீர்கள். அங்கே தவறுவது விரல், ஏமாற்றுபவர் காத்திருக்கிறார். அதற்குத் ‘தட்டுப்பிழை முகவரி’ என்று தனியாகச் சொல்லிவிடலாம். தட்டுப்பிழைக்கு மருந்து, முகவரியைத் தட்டச்சு செய்யாமல் சேமித்த புத்தகக்குறியிலிருந்து திறப்பது. மயங்குரு பெரும்பாலும் யாரோ அனுப்பிய இணைப்பில்தான் வருகிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் வாசகர் எங்கே கவனமாக இருப்பது?

அன்வர்:

அதே அத்தியாயத்தில் கடவுச்சொல் நிர்வாகியையும் சேர்த்துவிடுங்கள். அதற்குக் கண் கிடையாது. சேமித்த பெயரும் பட்டியில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால்தான் நிரப்பும். வழக்கமாக நிரப்பும் இடத்தில் அது சும்மா இருந்தால், கையால் தட்டத் தொடங்காமல் பட்டியைப் படியுங்கள். வங்கியே தன் முகவரியை மாற்றியிருந்தாலும் நிரப்பாது. அதனால் நிரப்பவில்லை என்பதாலேயே ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது.

செந்தில்:

‘மயங்குரு முகவரி’, ‘தட்டுப்பிழை முகவரி’ இரண்டையும் வரைவில் சேர்த்துவிட்டேன். பத்மாவுக்கு வந்ததற்குத்தான் பெயர் இல்லை. ‘முன்னொட்டு முகவரி’ என்று போடவா?

மங்கை:

முன்னொட்டு என்றால் சொல்லோடு ஒட்டிப் பொருளை மாற்றுவது. இங்கே வங்கிப் பெயர் எதையும் மாற்றவில்லை, முன்னால் வெறுமனே நிற்கிறது. ‘முகப்புப்பெயர்’?

பத்மா:

முகப்பு என்றால் எனக்குத் தளத்தின் முதல் பக்கம்தான் நினைவுக்கு வருகிறது.

செந்தில்:

எனக்கும் அப்படித்தான். இன்னும் யாருக்காவது ஏதாவது தோன்றினால் எழுதுங்கள். அதுவரை அந்தப் பத்தியில் பெயர் சொல்லாமல், சாய்கோட்டிலிருந்து இடப்பக்கமாகப் படிக்கும் முறையை மட்டும் எழுதி வைக்கிறேன்.