நிதி திரட்டும் பக்கம்: கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்

வணக்கம். தாராவிக் குழந்தைகளுக்காக நண்பர் ஒருவர் தமிழ்ப் படக்கதைப் புத்தகம் கொண்டுவருகிறார். அவருடைய நிதி திரட்டும் பக்கத்தை நான் திருத்திக்கொண்டிருக்கிறேன். இலக்கு 5 லட்சம் என்று மொட்டையாக இருந்தது. எதற்கு என்ற கணக்கே இல்லை.

உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். ஓவியருக்கு 60,000 ரூபாய். 500 பிரதி, ஒன்று 180 வீதம், அச்சுக்கு 90,000. 300 பேருக்குத் தபாலில் அனுப்ப, தலைக்கு 60 வீதம் 18,000. மொத்தம் 1,68,000. தளக் கட்டணமும் வரியும் சேர்த்து 8 சதவீதம் போகும் என்று வைத்திருக்கிறோம். அது வசூலாகும் முழுத் தொகையில் கழிவதால், 1,68,000-ஐ 0.92-ஆல் வகுத்து இலக்கை 1,83,000 என்று மாற்றினேன்.

சிக்கல் பரிசில்தான். 500 ரூபாய் தருபவருக்குப் புத்தகத்தோடு ஒரு கப் என்று எழுதியிருக்கிறார். கப் 150 ரூபாய், 300 பேருக்கு 45,000. அது செலவுக் கணக்கிலேயே இல்லை, தபாலில் உடையவும் செய்யும். கப்பை எடுத்துவிட்டு, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பெயர் போடலாம் என்கிறேன். நண்பருக்கு மனசில்லை.

நீங்கள் என்றால் எதற்குப் பணம் தருவீர்கள்? அப்புறம், மீதி 200 பிரதிகள் எங்கே போகும் என்று பக்கத்தில் எழுத வேண்டுமா? மும்பையில் தமிழ் அச்சு செய்தவர்கள் 180 சரியான விலையா என்றும் சொல்லுங்கள்.