நாலு நாய் இருந்த தெருவில் ஒன்பது நாய்

பத்தாம்வகுப்புக்காரன்: எங்கள் தெருவில் நாலு நாய்தான். பள்ளிச் செயல்திட்டத்துக்காக மூன்று வாரமாகக் குறித்து வருகிறேன். வேற்று நாய் ஒன்று முனை மின்கம்பத்தைத் தாண்டினால் போதும், நாலும் சேர்ந்து குரைத்தே விரட்டிவிடும். அதை வைத்து வரைபடத்தில் எல்லைக்கோடு போட்டுவிட்டேன். திங்கட்கிழமை காலை எண்ணினால் ஒன்பது! புதிதாக வந்த ஐந்தும் ஆண், எல்லாம் எங்கள் தெருப் பெட்டை, காது கிழிந்த செம்பியின் பின்னாலேயே திரிகின்றன. நான் போட்ட கோடு தப்பா?

மாடிவீட்டு அக்கா: எங்கள் தெருவிலும் இதே தொல்லைதான் தம்பி. ராத்திரி குப்பைப் பையை வெளியே வைத்தால் விடிவதற்குள் தெருவெல்லாம் இறைத்து விடுகின்றன. வாரத்தில் ஒருநாள் மீன் சமைப்போம், அன்றைக்கு எங்கள் பை மட்டும் கிழியும். இறுக்கிக் கட்டிப் பார், வெளி நாய் வராது.

நேர்ப்பேச்சு: இது குப்பை விஷயம் இல்லை அக்கா, இனப்பெருக்கக் காலம். கூட்டத்துக்கு ஒரு தலைவன் உண்டு, ஓநாய் மாதிரி. அவன் மட்டும்தான் பெட்டையோடு சேர்வான், மற்றவை வேடிக்கை பார்க்க வந்தவை. வெளி நாய் உள்ளே நிற்கிறது என்றால் உங்கள் தெருத் தலைவன் தோற்றுவிட்டான் என்று எழுதிக்கொள்.

இரவுக்காவல்: பதினோரு வருஷமாக ராத்திரிக் காவல் வேலை, எனக்குப் பேச்சுத்துணையே தெருநாய்கள்தான். இனப்பெருக்கக் காலம் என்று மேலே சொன்னது சரி, தலைவன் கதை சரியில்லை. ஒரே பெட்டை இரண்டு மூன்று ஆண்களோடு சேர்ந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன், ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு வேறு வேறு தகப்பன் இருக்கவும் முடியும். பெட்டைக்குப் பருவம் வந்ததும் முதல் ஒன்பது நாள் வாக்கில் உதிரம் கசியும். மூத்திர வாடையும் மாறிவிடும், அதை மோந்துதான் பக்கத்துத் தெரு ஆண்கள் வருகின்றன. ஆனால் அப்போது அது யாரையும் அண்டவிடாது, பல்லைக் காட்டும், இல்லையென்றால் பின்பக்கத்தைத் தரையில் பதித்து உட்கார்ந்துகொள்ளும். அதற்கடுத்த ஏழெட்டு நாளில்தான் இணங்கும், அப்போதும் எல்லோருக்கும் இல்லை. எங்கள் பக்கம் ஒரு பெட்டை, இருப்பதிலேயே பெரிய கறுப்பனைக் கடித்துத் துரத்திவிட்டு நொண்டி ஒன்றோடு போய் நின்றது.

தம்பி, நீ போட்ட எல்லைக்கோட்டை அழிக்காதே. செம்பி இல்லாத நேரம் அதே வெளி நாய் தனியாக வந்தால் என்ன ஆகிறது என்று பார்த்து எழுது. அப்புறம், சேர்ந்தபின் இரண்டும் பின்னோடு பின் ஒட்டி அரைமணி வரைகூட நிற்கும். உள்ளே வீங்கிப் பிடித்துக்கொள்வதால் அவை நினைத்தாலும் பிரிய முடியாது. கல்லெறிந்தாலும் தண்ணீர் ஊற்றினாலும் காயம்தான் மிச்சம், தானே விடும்.

அக்கா, உங்கள் மீன் பை சங்கதி வேறு. நாய் மூக்கால்தான் தேர்ந்தெடுக்கும். கிழித்ததும் கறி, மீன் வாடை அடிப்பதை முதலில் எடுக்கும், சோறும் ரொட்டியும் அப்புறம். கவனித்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒற்றையாகத்தான் வந்து தின்னும். தெருவைக் காக்கத்தான் கூட்டம், சாப்பாட்டுக்கு இல்லை.

நேர்ப்பேச்சு: அப்படியானால் பலமான நாய்க்கு முன்னுரிமையே இல்லையா? எங்கள் தெருவில் ஒருவனைக் கண்டால் மற்றவை வாலை இடுக்கிக்கொண்டு ஒதுங்குகின்றனவே.

இரவுக்காவல்: ஒதுங்கும்தான், அது உண்மை. ஆனால் அவன்தான் தகப்பன் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

பத்தாம்வகுப்புக்காரன்: அண்ணா, பார்த்தேன். செம்பி மொட்டைமாடி நிழலில் தூங்கும்போது அந்த ஐந்தில் ஒன்று, வெள்ளைக்கால், தனியாக வந்தது. மூன்று நாய் சேர்ந்து கம்பத்துக்கு அந்தப்பக்கம் தள்ளிவிட்டன! சாயங்காலம் செம்பி எழுந்து நடந்ததும் அதே வெள்ளைக்கால் உள்ளே நின்றது, உறுமல் மட்டும்தான். பதினோராம் நாள் ஐந்தும் காணவில்லை.

பத்தாம்வகுப்புக்காரன்: இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். ஒட்டி நின்றதைப் பார்த்த நாளிலிருந்து 62ஆம் நாள், பழைய லாரிக்கு அடியில் ஆறு குட்டி. நான் அவசரப்பட்டுக் கிட்டே போனேன், செம்பி காலைக் கவ்வ வந்தது. எங்கள் தெருக் கிழட்டு ஆண் லாரிக்கு வெளியே படுத்துக்கொண்டு யாரையும் விடுவதில்லை. அது சேர்ந்ததை நான் பார்க்கவே இல்லை. அதுதான் அப்பாவா?

இரவுக்காவல்: நீ தூங்கின நேரம் கணக்கில் இல்லையே தம்பி. தன் குட்டி இல்லாதபோதும் காவலிருக்கும் ஆண் உண்டா என்று எனக்கும் சந்தேகம்தான். மூன்று வாரம் லாரிப் பக்கம் போகாதே, தூரத்தில் இருந்து எண்ணு. குறைந்தால் எந்த நாள், எதனால் என்றும் எழுது. கொல்கத்தா பக்கம் தெருநாய்களை ஆராயும் அனிந்திதா பத்ரா குழுவினர் ஐந்து வருஷம் குட்டிகளை எண்ணி 2016இல் வெளியிட்ட கணக்கில், வளர்ந்து குட்டி போடும் வயதைத் தொட்டது நூற்றுக்கு 19தான். செத்தவற்றில் பாதிக்கு மேல் மனிதர்களால்.

மாடிவீட்டு அக்கா: லாரியை யாராவது எடுத்துவிட்டால்?

பத்தாம்வகுப்புக்காரன்: டிரைவரிடம் சொல்லியிருக்கிறேன் அக்கா. இன்று காலை எண்ணினேன், ஐந்துதான்.