புதுப்பிப்பு: இடுப்புப் பையா, ஹோட்டல் லாக்கரா?

பயணத்தின்போது பத்திரப்படுத்துவது பற்றி முன்பு நான் இங்கே கேட்டது: “பாஸ்போர்ட், பணம், அட்டைகள் எல்லாவற்றையும் இடுப்புப் பையிலேயே வைத்துக்கொள்ளலாமா, அறை லாக்கர் போதுமா?”

ஹோட்டலில் பணிபுரிந்த ஒருவரின் பதிலே எனக்கு அதிகம் உதவியது. விருந்தினர் தன் லாக்கர் எண்ணை மறந்தால் திறப்பதற்காக நிர்வாகத்திடம் பொது எண் இருக்கும் என்றும், சில இடங்களில் அது ஆலையில் அமைத்த 000000 போன்ற எண்ணாகவே மாற்றப்படாமல் கிடக்கும் என்றும் அவர் எழுதினார். இப்போது அறைக்குள் நுழைந்ததும் லாக்கரைப் பூட்டி, அத்தகைய எண்களை அழுத்திப் பார்க்கிறேன். பெட்டியை அசைத்தும் பார்க்கிறேன், ஏனெனில் திருகப்படாத பெட்டியை அப்படியே தூக்கிச் செல்லலாம்.

“இரண்டு அட்டைகளைப் பிரித்து வைத்தால் போதும்” என்று இன்னொருவர் சொன்னது பாதிதான் சரி. இரண்டும் ஒரே கணக்கைச் சேர்ந்தவையாக இருந்து, வங்கி அக்கணக்கையே முடக்கினால் இரண்டுமே பயனற்றுவிடும். ஆகவே இரண்டாவது அட்டை வேறு வங்கியுடையது, அது லாக்கரில். இடுப்புப் பையில் பாஸ்போர்ட்டும் பெரிய நோட்டுகளும் மட்டும். அன்றைய செலவுப் பணம் சட்டைப்பையில், ஏனெனில் கடை வாசலில் சட்டையைத் தூக்கினால் ஒளித்த இடம் ஊருக்கே தெரிந்துவிடும்.

கைப்பேசி பறிபோனால் ஓடிபி எங்கே வரும் என்பதற்கு மட்டும் இன்னும் முழுமையான தீர்வு கிடைக்கவில்லை.