கண்டக்டர் மகன், ஃபேன் வீடியோ, ஒரு ஷார்ட் கணக்கு

ஸ்பேனர் தம்பி (ஆலங்குடி பக்கம்)

மெதுவா வளர்ற யூடியூப் சேனல் பத்தி நிறைய பேர் எழுதியிருந்தீங்க. என் கதை கொஞ்சம் நீளம்.

எங்கப்பா டவுன் பஸ் கண்டக்டர். நான் ஐடிஐ எலக்ட்ரீஷியன் முடிச்சுட்டு ஒரு கடையில ஃபேன், மிக்ஸி, அயர்ன்பாக்ஸ் பாக்குறேன். 2023 டிசம்பர்ல ரிப்பேர் டிப்ஸ் சேனல் ஆரம்பிச்சேன். முதல் வீடியோவுக்கு வச்ச தலைப்பு "சீலிங் ஃபேன் கெபாசிட்டர் ரீப்ளேஸ்மென்ட்". பத்து நாள்ல 31 பேர் பாத்தாங்க. அதுல பாதி எங்க சொந்தக்காரங்க.

ராத்திரி அப்பா பாயில உக்காந்து சில்லறையைப் பிரிச்சுக்கிட்டு இருந்தாரு. நான் போனையே பாத்துக்கிட்டு இருக்கிறதைக் கவனிச்சுட்டு, "பேரு என்ன போட்டிருக்க?"ன்னு கேட்டாரு. சொன்னேன்.

"எங்க மெஷின்ல ஸ்டேஜ் பேரு ஒண்ணு இருக்கும்டா. ஏறுற ஆளு அந்தப் பேரைச் சொல்லவே மாட்டான். 'ரைஸ்மில் ஒண்ணு'ம்பான். மில்லை இடிச்சுப் பதினஞ்சு வருஷம் ஆச்சு."

மறுநாள் கடை கவுண்டர்ல நின்னு, வர்றவங்க வாயைக் கவனிச்சேன். ஒருத்தர்கூட கெபாசிட்டர்னு சொல்லல. வயசானவங்க ரெண்டு பேர் கண்டன்சர்னாங்க. மத்த எல்லாரும் "ஃபேன் சுத்துது, காத்து வரல தம்பி"தான். அன்னைக்கே தலைப்பை "ஃபேன் மெதுவா சுத்துதா, காத்து வரலையா?"ன்னு மாத்தினேன்.

மாத்தின உடனே கூட்டம் வந்துச்சுன்னு நினைக்காதீங்க. ஜனவரி, பிப்ரவரி ரெண்டு மாசமும் ஈ ஓட்டினேன். அந்தக் குளிர்ல எவன் ஃபேனைப் பத்தித் தேடுவான்? அது எனக்கு அப்ப உறைக்கல. பேக்ரவுண்ட் மியூசிக் சரியில்லை, என் குரல் சரியில்லைன்னு எதையெதையோ மாத்திக்கிட்டு இருந்தேன்.

மார்ச் ரெண்டாவது வாரம் தினம் 40 பேர் வர ஆரம்பிச்சாங்க. எல்லாம் தேடி வந்தவங்க. அப்பாகிட்ட பெருமையாச் சொன்னேன். விளம்பரக் காசு வரணும்னா என்ன கணக்குன்னு கேட்டாரு. 1,000 சப்ஸ்கிரைபர், அதோட 12 மாசத்துக்குள்ள 4,000 மணி நேரம் ஜனம் பாத்திருக்கணும்னேன்.

"ஒரு ஆளு எவ்வளவு நேரம் பாக்குறான்?"

"சராசரியா 3 நிமிஷம்."

மனக்கணக்குலேயே சொன்னாரு: "அப்ப 80,000 டிக்கெட். நாளைக்கு 40ன்னா 2,000 நாளு. அஞ்சரை வருஷம்."

"அதுவும் முடியாதுப்பா. 12 மாசம் தாண்டின மணி நேரம் கணக்குல இருந்து போயிடும். பஸ் பாஸ் மாதிரி."

"அப்பறம் ஒரே டிரிப் அடிச்சுட்டு டிப்போவுல உக்காந்திருந்தா எப்படி?"

அதுவரைக்கும் என்கிட்ட இருந்தது நாலே வீடியோ. பொறுமையா இருக்கேன்னு நினைச்சு சும்மா இருந்திருக்கேன். அதுக்கப்புறம்தான் வாரம் ஒண்ணு, ஞாயித்துக்கிழமை காலையில, கடை திறக்கிறதுக்கு முன்னாடின்னு பழக்கம் வந்துச்சு. "காசு வராத வியூவை எண்ணி என்ன பண்ண"ன்னு ஒருநாள் அலுத்துக்கிட்டேன். பொம்பளைங்களுக்கு 2021ல இருந்து கட்டணமில்லா டிக்கெட்தானே, அதையும் ஒண்ணு விடாமக் குடுத்துத்தானே கணக்கு முடிக்கிறோம்னாரு. எங்கப்பா எல்லாத்துக்கும் பஸ்ஸைத்தான் இழுப்பாரு, பழகிடுச்சு.

ஏப்ரல், மே வெயில்ல அந்த ஒரே வீடியோ தினம் 200க்கு மேல போச்சு. மொத்தம் 1,150 மணி நேரம், அதுல 800 அந்த வீடியோ மட்டும். நான் தரையில நடக்கல. "திருவிழாக் கூட்டத்தை வச்சு ரூட்டை எடை போடாதே"ன்னாரு அப்பா. காதுல வாங்கல.

மே கடைசியில ஒரு கமென்ட். "நீங்க சொன்ன மாதிரி ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டுத்தான் தொட்டேன், ஷாக் அடிச்சுது. மரஸ்டூல்ல நின்னதால தப்பிச்சேன்."

முதல்ல கோவம்தான் வந்துச்சு. வேற ஸ்விட்சை ஆஃப் பண்ணியிருப்பாருன்னு நினைச்சேன். ஆனாலும் மனசு கேக்கல. எங்க அத்தை வீடு பழைய வீடு. போய் ஃபேனை ஆஃப் பண்ணிட்டு, மேல கப்பை இறக்கி, கனெக்டர்ல டெஸ்டரை வச்சேன். எரிஞ்சுது.

வயரிங் பண்ணினவர் ஸ்விட்சை ஃபேஸ்ல போடாம நியூட்ரல்ல போட்டிருந்தாரு. அப்படிப் போட்டாலும் ஃபேன் ஓடும், ஆஃப் பண்ணினா நிக்கும். வீட்டுல இருக்கிறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனா நின்ன ஃபேன்ல கரண்ட் அப்படியே நிக்கும். கடையில மேசை மேல வச்சு வேலை பாக்குற எனக்கு இது படிப்புல தெரியும், கையில தெரியல.

வீடியோவுல அந்த இடத்தை மட்டும் வெட்டலாம். வெட்டினா எச்சரிக்கையே இல்லாத வீடியோ ஆகும். யூடியூப்ல போட்ட வீடியோவுக்குப் பதிலா அதே லிங்க்ல வேற வீடியோ வைக்கவும் முடியாது. பிரைவேட் பண்ணினா 800 மணி நேரமும் கணக்குல இருந்து போயிடும். ரெண்டு நாள் சோறு இறங்கல. அப்பாகிட்ட சொன்னேன்.

"ஷார்ட் விழுந்திருக்கு. கட்டிடு" அப்படின்னாரு. அவங்க வேலையில கலெக்‌ஷன் குறைஞ்சா கண்டக்டர் கையில இருந்துதான் கட்டணும். நான் சின்னப்பையனா இருக்கும்போது ஒரு தடவை அம்மா தோட்டைக் கழட்டிக் குடுத்தது ஞாபகம் வந்துச்சு. அன்னைக்கே பிரைவேட் பண்ணினேன்.

ஜூன்ல புதுசா எடுத்தேன். எம்.சி.பி. ஆஃப், அப்புறம் டெஸ்டர், அப்புறம்தான் கை. அத்தை வீட்டு ஃபேன்ல இருந்து எடுத்த கெபாசிட்டரை ரெண்டு காலையும் ஸ்க்ரூடிரைவரால தொட்டு டிஸ்சார்ஜ் பண்ணிட்டு மீட்டர்ல காட்டினேன். மேல 2.5 எம்.எஃப்.டி.ன்னு போட்டிருக்கு, மீட்டர்ல 1.4. புதுசு போட்டதும் ஃபேன் பழைய வேகத்துக்கு வந்துச்சு. வீடியோ வந்த நேரம் சீசன் முடிஞ்சு போச்சு, வருஷம் முழுக்கத் தூங்குச்சு. அடுத்த கோடையிலதான் எழுந்திருச்சுது. இப்ப 1,340 சப்ஸ்கிரைபர், 2,600 மணி நேரம். 4,000 இன்னும் வரல.

தையல்கடை அக்கா

தம்பி, எங்க கடையிலயும் ஃபேன் மெதுவா ஓடுது. ரிமோட் ஃபேன். கழட்டிப் பாத்தேன், நீ சொல்ற கெபாசிட்டர் எங்கயும் காணோம். யாராவது திருடிட்டாங்களா?

ஸ்பேனர் தம்பி

இல்லக்கா. உங்களோடது பி.எல்.டி.சி. ஃபேனா இருக்கும். அதுல இந்த கெபாசிட்டர் கிடையாது, உள்ள ஒரு போர்டு இருக்கும். பழைய டயல் ரெகுலேட்டர் வழியா அந்த ஃபேனுக்குக் கரண்ட் போகுதான்னு மட்டும் பாருங்க. போனா அதை எடுத்துட்டு நேரடியா ஸ்விட்ச்ல குடுக்கச் சொல்லுங்க. அதுலயும் சரியாகலைன்னா கம்பெனி ஆளைக் கூப்பிடுங்க. தயவுசெஞ்சு இனிமே நீங்களா கழட்டாதீங்க.

காத்து வேணும்

2.5க்குப் பதிலா 3.15 போடுங்க பாஸ். நான் போட்டு ரெண்டு வருஷமாச்சு, ஜெட் மாதிரி சுத்துது. இதை வீடியோவாப் போட்டா உங்க 4,000 ஒரே வாரத்துல வந்துடும்.

ஓய்வு வயர்மேன்

3.15க்காரருக்கு: உங்க பழைய கெபாசிட்டர் வீக் ஆகி இருந்திருக்கும். புதுசா 2.5 போட்டிருந்தாலே அந்த வேகம் வந்திருக்கும். அதிகமாப் போட்டா ஸ்டார்டிங் வைண்டிங்ல கரண்ட் கூடும், சூடு ஏறும். உடனே எரியாது, அதனாலதான் எல்லாரும் தைரியமாச் செய்யறாங்க.

எல்லா மெதுவுக்கும் கெபாசிட்டர் காரணமும் இல்லை. மெயினை ஆஃப் பண்ணிட்டு றெக்கையைக் கையால சுத்திப் பாருங்க. இறுக்கமா இருந்தாலோ கரகரன்னாலோ பேரிங். லேசா சுத்துது, ஆனா கரண்ட் குடுத்தா கிளம்ப மாட்டேங்குது, குச்சியால தள்ளிவிட்டா ஓடுதுன்னா கெபாசிட்டர். சாயங்காலம் மட்டும் வீட்டுல எல்லா ஃபேனும் மெதுவா ஓடினா லைன்ல வோல்டேஜ் கம்மி, ஒண்ணையும் கழட்ட வேண்டாம்.

தம்பிக்கு ஒண்ணு. நீ பாத்தது ஒரு ஸ்விட்ச் மாறின வீடு. சில வீட்டுல மீட்டருக்கு வர்ற இடத்துலேயே ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருக்கும். அங்க வீடு முழுக்க ஒவ்வொரு ஸ்விட்சும் நியூட்ரலைத்தான் வெட்டும். ஒத்தைக் கம்பி எம்.சி.பி.யும் அப்படித்தான். ரெண்டு கம்பியையும் சேத்து வெட்டுற மெயினை ஆஃப் பண்ணணும். டெஸ்டரையும் அதுக்கு முன்னாடியே கரண்ட் இருக்கிற ஒரு பிளக்ல வச்சு எரியுதான்னு பாத்துக்கணும். செத்த டெஸ்டர் எங்க வச்சாலும் எரியாது.

கோலம் சேனல் நடத்துறவ

நான் 700 சப்ஸ்கிரைபர்ல எட்டு மாசமா நிக்குறேன். மார்கழியில ஏறும், தை பொறந்தா படுத்துரும். அண்ணா, ஷார்ட்ஸ் போட்டுப் பாத்தீங்களா? என் தோழிக்கு ஒரே ஷார்ட்ஸ்ல 2,000 பேர் வந்தாங்க.

ஸ்பேனர் தம்பி

போட்டேன்மா. என் 1,340ல கிட்டத்தட்ட 600 பேர் அப்படி வந்தவங்கதான். ஆனா ஷார்ட்ஸ் ஃபீட்ல பாக்குற நேரம் அந்த 4,000ல சேராது. வந்தவங்க நீள வீடியோவும் பாக்க மாட்டேங்குறாங்க. நிறுத்தலாமான்னு யோசிக்கிறேன், இன்னும் முடிவு பண்ணல. உங்களுக்கு வேற மாதிரி இருக்கலாம். கோலத்தை அரை நிமிஷத்துல பாத்துட்டுப் போட்டுடலாம், ஃபேனை அப்படிக் கழட்ட முடியாது.

காத்து வேணும்

வயர்மேன் ஐயா, இப்ப ஃபேனை நிறுத்திட்டு நடுவுல கையை வச்சுப் பாத்தேன். நல்லா சுடுது. எரிஞ்சிடுமா?

ஓய்வு வயர்மேன்

நல்ல ஃபேனும் நாள்பூரா ஓடினா சுடும். அதை மட்டும் வச்சு நான் சொல்ல முடியாது. பக்கத்து ரூம் ஃபேனையும் அதே நேரம் ஓட்டிட்டுத் தொட்டுப் பாருங்க. எப்படியும் 2.5 ஒண்ணு வாங்கி வைங்க.

ஸ்பேனர் தம்பி

ஐயா, நீங்க எழுதினதைப் படிச்சதும் வயித்தைக் கலக்கிடுச்சு. ரெண்டாவது வீடியோவுல நான் ஆஃப் பண்ணினது ஒத்தைக் கம்பி எம்.சி.பி.தான். டெஸ்டர் வைக்கச் சொல்லியிருக்கேன், ஆனா டெஸ்டரை முதல்ல சோதிக்கச் சொல்லல. இப்போதைக்கு உங்க பதிலை அப்படியே கமென்ட்ல மேல பின் பண்ணிட்டேன். அது போதுமா, இதையும் தூக்கணுமான்னு தெரியல. இதுல 1,400 மணி நேரம் இருக்கு.

ஞாயித்துக்கிழமை அத்தை வீட்டுல மூணாவது தடவை எடுக்கிறேன். அப்பாவுக்கு அன்னைக்கு வார ஓய்வு, கேமராவை அவருதான் பிடிக்கிறாரு.