தொட்டி ஆட்டோ ஸ்விட்சில் ரிலே சாயங்காலம் மட்டும் டக் டக் என்று அடிக்கிறது, ஏன்?

வீரவநல்லூர்க்காரன்:
மாடித் தொட்டிக்கு உள்ளூர் எலக்ட்ரீஷியன் ஒருவர் நாலு வருஷத்துக்கு முன் செய்து கொடுத்த போர்டு. டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. சிவப்புக் கெப்பாசிட்டர் ஒன்று (474J 400V), பிரிட்ஜ், 12 வோல்ட் ஜீனர், 400 ஓம் ரிலே, ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர். பகலில் சரியாக ஓடுகிறது. ஆறரை மணிக்கு மேல் மோட்டார் ஓடத் தொடங்கியதும் ரிலே விட்டு விட்டு அடிக்கிறது. ரிலே, ஜீனர், 1000 மைக்ரோ எலக்ட்ரோலிட்டிக் மூன்றையும் மாற்றியாயிற்று. ரிலே இழுக்காதபோது 12 வோல்ட் நிற்கிறது, இழுத்ததும் பகலிலேயே 6.8. எங்கே கோளாறு?

அம்பை மோட்டார் கடை:
மோட்டார் கன்டென்சர் போயிருக்கும் தம்பி. 36 மைக்ரோ போட்டுப் பாருங்கள். போன வாரம் கல்லிடைக்குறிச்சியில் இதே கேஸ், மோட்டார் உறுமிக்கொண்டே நின்றது.

வீரவநல்லூர்க்காரன்:
மோட்டார் நன்றாகச் சுற்றுகிறது அண்ணாச்சி. போர்டில் இருக்கிற கெப்பாசிட்டரைத்தான் கேட்கிறேன்.

பேட்டை ரேடியோ:
நீங்கள் மாற்றாமல் விட்டது அந்தச் சிவப்பு ஒன்றைத்தான், குற்றவாளியும் அதுவாகத்தான் இருக்கும். இந்தச் சப்ளையில் கரன்டை அளந்து விடுவதே அந்தக் கெப்பாசிட்டர். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் பிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு மைக்ரோவுக்குச் சுமார் 62 மில்லி ஆம்பியர் கிடைக்கும். உங்கள் 474 என்பது 0.47 மைக்ரோ, அதற்கு 29. ரிலே 26 எடுத்தால் 10.4 வோல்ட் நிற்கும், அது போதும். ரிலே இழுக்காதபோது யாரும் கரன்ட் கேட்பதில்லை, அதனால் கெப்பாசிட்டர் பாதியாகத் தேய்ந்திருந்தாலும் ஜீனர் 12 காட்டிவிடும். அந்த 12-ஐப் பார்த்துத்தான் எல்லாரும் ஏமாறுகிறோம்.

பிளக்கைப் பிடுங்குங்கள். கெப்பாசிட்டர் கால்களை 10K ரெசிஸ்டர் ஒன்றால் சில நொடி தொட்டு மிச்சச் சார்ஜை இறக்குங்கள். ஒரு காலைச் சால்டரில் இருந்து விடுவித்து மீட்டரில் அளவு பாருங்கள்.

வீரவநல்லூர்க்காரன்:
0.31 காட்டுகிறது!

பேட்டை ரேடியோ:
கணக்கு நேராகிவிட்டது. 0.31 என்றால் 19.5 மில்லி ஆம்பியர்தான். மைக்ரோகன்ட்ரோலருக்கு 3 போனால் ரிலேக்கு 16, 17 மிஞ்சும். 400 ஓமில் நீங்கள் பார்த்த 6.8 வோல்ட் வந்துவிடும். சாயங்காலம் லைன் 195-க்கு இறங்கினால் அதுவும் ஐந்தரைக்குப் போகும். 5 வோல்ட் ரெகுலேட்டர் தள்ளாடும், மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட் ஆகும், ரிலே விழும், மறுபடி 12 ஏறும், மறுபடி இழுக்கும். அந்த டக் டக் இதுதான்.

பிலிம் கெப்பாசிட்டரில் இடி மின்னல் சர்ஜ் வரும்போதெல்லாம் உலோகப் பூச்சு ஊசிமுனை அளவு எரிந்து, தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். ஷார்ட் ஆகாது, ஆனால் பரப்பு குறைந்துகொண்டே போகும். மோட்டார் ரூம் ஈரமும் அந்தப் பூச்சை அரிக்கும். 400V என்பது டிசி அளவு. லைனின் உச்சமே 325 என்பதால் சர்ஜுக்கு இடமே இல்லை. புதிதாகப் போடும்போது X2 என்று அச்சிட்ட 275 ஏசி டப்பாவை வாங்குங்கள். அதுவும் தேயும், ஆனால் சர்ஜைத் தாங்குவதற்கென்றே செய்தது.

சேரன்மகாதேவி சர்வீஸ்:
எதற்கு 0.47? ஒரேயடியாக 1 மைக்ரோ போட்டால் இன்னும் நாலு வருஷம் தேய்ந்தாலும் ஓடும்.

பேட்டை ரேடியோ:
ரிலே இழுத்திருக்கும்போது நீங்கள் சொல்வது சரி. விழுந்திருக்கும்போது 62 மில்லி ஆம்பியரில் ஏறக்குறைய முழுதும் ஜீனர் தலையில் இறங்கும், அது முக்கால் வாட். மூடிய டப்பாவில், நம்ம ஊர் மே மாசத்தில் ஒரு வாட் ஜீனர் பொறுக்காது. வேண்டுமானால் 0.56 வரை போகலாம்.

அது இருக்கட்டும், ஒரு கேள்வி. தொட்டியில் தண்ணீர் மட்டம் பார்ப்பது எது? மிதவையா, கம்பியா?

வீரவநல்லூர்க்காரன்:
மூன்று ஸ்டீல் கம்பி. வயர் நேராகப் போர்டுக்கு வருகிறது.

பேட்டை ரேடியோ:
அப்படியானால் கெப்பாசிட்டர் மாற்றுவதை நிறுத்துங்கள். இந்தச் சப்ளைக்கும் லைனுக்கும் நடுவே பிரிவே கிடையாது. கம்பி வழியாகத் தண்ணீரில் பேஸ் நிற்கிறது.

சேரன்மகாதேவி சர்வீஸ்:
பிளக்கைத் திருப்பிப் போட்டால் நியூட்ரல் வந்துவிடுமே.

பேட்டை ரேடியோ:
பிரிட்ஜ் இருப்பதால் எப்படிப் போட்டாலும் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் டையோடு ஒன்று போர்டை மாறி மாறி இரண்டு லைனோடும் கட்டும். ஒரு பக்கம் கெப்பாசிட்டரைத் தாண்டி வருவதால் சுமார் 30 மில்லி ஆம்பியரோடு நிற்கும், உயிரெடுக்க அதுவே போதும். மறுபக்கம் நேராக வருகிறது, அங்கே தடுப்பே இல்லை. இந்தச் சப்ளை யாரும் தொட முடியாத மூடிய டப்பாவுக்குத்தான் சரி. இங்கே ஜீனரைக் கழற்றிவிட்டு, 12 வோல்ட் அடாப்டர் ஒன்றை வாங்கி, அதன் வெளியீட்டைப் பிளஸ் மைனஸ் பார்த்து எலக்ட்ரோலிட்டிக்கின் இரு முனைகளில் கொடுங்கள். லைனில் இருந்து கெப்பாசிட்டருக்கும் பிரிட்ஜுக்கும் வருகிற இரண்டு வயரையும் முழுதாகக் கழற்றிவிடுங்கள். ரிலே கான்டாக்டில் மட்டும் 230 இருக்கட்டும்.

வீரவநல்லூர்க்காரன்:
பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். இரண்டு வருஷமாக அம்மா, "குழாயைத் தொட்டா சுருக்குனு இழுக்குதுலே" என்று சொல்வார்கள். எர்த் சரியில்லை என்று நினைத்து எர்த் குழிக்கு உப்பும் கரியும் போட்டுக்கொண்டிருந்தேன். இதுதானா அது?

பேட்டை ரேடியோ:
இருக்கலாம். கம்பிதான் காரணமா, மோட்டார் கசிவா என்பதைத் தனித்தனியாகக் கழற்றிப் பார்த்தால்தான் சொல்ல முடியும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள்.