டார்கெட் காஸ்டிங்: "இலக்கு விலை நிர்ணயம்" சரியா?

பட்டறைக்காரன், அம்பத்தூர்:
வணக்கம். டார்கெட் காஸ்டிங்கை "இலக்கு விலை நிர்ணயம்" என்று ஒரு கையேட்டில் பார்த்தேன். விலையை நாம் எங்கே நிர்ணயிக்கிறோம், அதைச் சந்தையல்லவா சொல்கிறது? நாங்கள் புதிதாக ஒரு டேபிள்டாப் கிரைண்டர் வடிவமைக்கிறோம். கடையில் 4,200 ரூபாயைத் தாண்டினால் ஓடாது. வரியும் கடைக்காரர் கமிஷனும் போக எங்கள் கைக்கு 3,200 வரும், அதில் 15 சதவீத லாபம் 480, ஆக 2,720-க்குள் செய்து முடிக்க வேண்டும். இந்தத் தொகையைக் "கட்டுப்படி அடக்கம்" எனலாமா? பாரிமுனையில் "கட்டுப்படியாகாது" என்று சொல்லாத வியாபாரி இல்லை.

மயிலைவாசி:
எங்கள் மெஸ்ஸில் இதைத்தானே செய்கிறோம். ஆகிற செலவின்மேல் 30 சதவீதம் வைப்போம், ஓடாவிட்டால் கூட்டில் தேங்காயைக் குறைப்போம். "அடக்கவிலை" என்றாலே போதுமே.

கணக்காசிரியர்:
ஐயா, உங்களுடையது எதிர்த்திசை. செலவிலிருந்து விலைக்குப் போகிறீர்கள், தேங்காயையும் சமையல் தொடங்கிய பிறகுதான் குறைக்கிறீர்கள். இங்கே வரைபடம் மேசையில் இருக்கும்போதே வேலை நடக்க வேண்டும், ஏனென்றால் கல்லின் எடை, மோட்டார், மூடியின் அச்சு எல்லாம் முடிவானபின் செலவில் பெரும்பகுதியை அசைக்க முடியாது.
பட்டறைக்காரரே, உங்கள் சொல் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் விவசாயி கட்டுப்படியாகும் விலை கேட்கும்போது, தன் செலவுக்கு ஏற்ற விலையைத்தானே கேட்கிறார்? அங்கேயும் திசை மாறிவிடுகிறது. 1960-களில் டொயோட்டாவில் உருவான இந்த முறைக்கு ஜப்பானியப் பெயர் "கெங்கா கிகாகு", அடக்கவிலைத் திட்டமிடல் என்று பொருள். அதையொட்டித் தொகைக்கு "இலக்கு அடக்கவிலை", முறைக்கு "இலக்கு அடக்கவிலைத் திட்டமிடல்" என்று வைக்கலாம்.

பி.காம் மாணவி:
3,200-ஐ 1.15-ஆல் வகுத்தால் எனக்கு 2,783 வருகிறதே சார், 63 ரூபாய் எங்கே போனது? அப்புறம், "இலக்கு" என்றால் எட்டாவிட்டாலும் பரவாயில்லை என்பதுபோல் இருக்கிறது. "உச்ச அடக்கவிலை" என்றால் தாண்டக்கூடாது என்பது புரியும்.

பட்டறைக்காரன், அம்பத்தூர்:
நீங்கள் லாபத்தை அடக்கத்தின்மேல் போட்டிருக்கிறீர்கள் அம்மா, நான் விற்கும் விலையில் எடுக்கிறேன். அந்த 63 ரூபாயை விட்டால் என் லாபம் 13 சதவீதத்துக்கு இறங்கிவிடும்.
"உச்ச" எனக்கும் சரியாகப்படுகிறது, ஆனால் ஒரு சிக்கல். இன்றைய வரைபடத்தின்படி செலவு 3,010, அதாவது 290 அதிகம். அடிப்பகுதியின் இரண்டு பிளாஸ்டிக் பாகங்களை ஒரே அச்சில் வார்த்து, திருகுகளைக் குறைத்தால் 110 மிச்சம். டிரம்மின் தகட்டை மெலிதாக்கினால் இன்னும் மிச்சமாகும், ஆனால் முதல் மழைக்காலத்துக்குள் ரிட்டர்ன் வரத் தொடங்கிவிடும், அதைத் தொடமாட்டேன். மோட்டார்காரரிடம் பேசி வேறு சுற்றுக்கம்பி போட்டால் 100 குறையலாம். ஆக வடிவமைப்பவர்களுக்கு 2,800 என்றுதான் கொடுக்க முடியும். சந்தை சொல்லும் 2,720, நாங்கள் ஒப்புக்கொண்ட 2,800, இரண்டுக்கும் ஒரே பெயரா?

கணக்காசிரியர்:
கூடாது. "இலக்கு அடக்கவிலை" 2,800-க்குத்தான் பொருந்தும், அதில் உங்கள் லாபம் 12.5 சதவீதம் என்பதைத் தெரிந்தே ஒப்புக்கொள்கிறீர்கள். 2,720-க்கு "உச்ச அடக்கவிலை" என்றால், தாண்டிவிட்டோமே, அப்புறம் அது எப்படி உச்சம்? "சந்தை தாங்கும் அடக்கவிலை" என்று தோன்றுகிறது, நீளம்தான் உறுத்துகிறது. இதைவிடச் சின்னதாக யாருக்காவது கிடைக்கிறதா?